ரத்தம் உறையாம இருக்கப் போட்ட ஊசியே அம்மா கால்ல ரத்தத்தை உறைய வச்ச கதை

போன வருஷம் ஐப்பசி மாசம், அடைமழை நேரம். மஞ்சக்குப்பத்துல எங்க வீட்டு பின்கட்டுல பாசி வழுக்கி அம்மா விழுந்துட்டாங்க. வயசு 64. வலது இடுப்பு எலும்பு முறிஞ்சுடுச்சு. கடலூர்லயே ஒரு தனியார் ஆஸ்பத்திரில சேர்த்து மூணாவது நாள் ஆபரேஷன் பண்ணி பந்து மாத்துனாங்க. அப்பா இல்ல, தம்பி துபாய்ல இருக்கான், அதனால கையெழுத்து போடுறதுலேருந்து கேன்டீன்ல வெந்நீர் புடிக்கிறது வரைக்கும் நான் ஒருத்திதான். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்னப்போ வாசல்லயே உக்காந்து அழுதேன். பெரிய கண்டத்தை தாண்டிட்டோம்னு நினைச்சேன். அதுக்கப்புறம் நடந்ததைப் பத்தி ஒருத்தராவது எனக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எவ்வளவோ மிச்சமாயிருக்கும், அதான் இதை எழுதுறேன்.

இடுப்பு ஆபரேஷன் பண்ணவங்க படுத்தே இருப்பாங்க, அப்போ கால் நரம்புல ரத்தம் கட்டிக்கும், அது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. அதைத் தடுக்க வயித்துல தோலுக்கு அடியில ஒரு ஊசி போடுவாங்க, ஹெப்பாரின். இது தேவையான மருந்து, இதுல எனக்கு எந்த சண்டையும் இல்ல. இதுல ரெண்டு வகை இருக்கு. பழைய சாதாரண ஹெப்பாரின் ஒண்ணு, எனாக்ஸாபாரின் மாதிரி புதுசா வந்தது ஒண்ணு. அம்மாவுக்கு அப்போ கிரியேட்டினின் கொஞ்சம் ஏறி இருந்துச்சு, புதுசு கிட்னி வழியா வெளிய போற மருந்து, அதனால பழசையே போட்டாங்க. காலையில 5000 யூனிட், ராத்திரி 5000 யூனிட். ஆபரேஷன் அன்னைக்கு ராத்திரி முதல் ஊசி. அதை முதல் நாள்னு வச்சுக்கோங்க, இந்தக் கதையில நாள் கணக்குதான் எல்லாமே.

முதல் நாள் காலையில எடுத்த ரத்தத்துல பிளேட்லெட் 2,62,000. மூணாவது நாள் 2,10,000, ஆபரேஷன் ஆனா கொஞ்சம் இறங்குறது சகஜம். ஏழாவது நாள் டிஸ்சார்ஜ் அன்னைக்கு 1,54,000. ரிப்போர்ட்ல நார்மல் 1,50,000-லேருந்து 4,50,000-ன்னு போட்டிருந்துச்சு, நம்பருக்குப் பக்கத்துல சிவப்பு குறி எதுவும் இல்ல, டாக்டரும் பாத்தார், நானும் பாத்தேன், எல்லாம் நார்மல்னு பையில போட்டுக்கிட்டு வந்துட்டோம். ஆனா அம்மாவோட சொந்தக் கணக்குல பாருங்க, 2,62,000 இருந்தது 1,54,000 ஆயிருக்கு, நூத்துக்கு நாப்பதுக்கு மேல காணாம போயிருக்கு. இன்னொண்ணு எனக்கு அப்புறமா தெரிஞ்சது, ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வாரம் ஆனா பிளேட்லெட் ஏறணும், பழைய அளவை விட கூடவே ஏறும். ஏற வேண்டிய நேரத்துல இறங்குதுன்னா அதுதான் முதல் மணி. உங்க வீட்ல யாராவது ஹெப்பாரின் ஊசியில இருந்தா ரிப்போர்ட்ல நார்மல்னு போட்டிருக்கறதை மட்டும் பாக்காதீங்க, ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சு, இப்ப எவ்வளவுன்னு ரெண்டு நம்பரையும் ஒரு சீட்டுல எழுதி பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. நாலாவது நாள்லேருந்து பதினாலாவது நாள் வரைக்கும் ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை பாக்கச் சொல்லிக் கேளுங்க. சாதாரண சிபிசி டெஸ்ட்தான், பெரிய செலவு இல்ல.

இன்னொரு விஷயமும் என் கண்ணு முன்னாடியே இருந்துச்சு. ஊசி போட்ட இடத்துல வயித்துல ரெண்டு மூணு எடத்துல செவந்து தடிச்சு, நடுவுல கருத்துப்போன மாதிரி இருந்துச்சு, தொட்டா வலிக்குதுன்னு அம்மா சொன்னாங்க. ஊசி குத்துனா சாதாரணமா நீலமா கன்னிப்போகும்ல, அது மாதிரி இல்ல இது. எண்ணெய் தடவி விட்டேன். யார்கிட்டயும் காட்டல. அதை நினைச்சா இன்னைக்கும் மனசு ஆற மாட்டேங்குது.

பத்தாவது நாள் காலையில அம்மாவுக்கு இடது கால் வீங்கிடுச்சு. ஆபரேஷன் பண்ணது வலது பக்கம், வீங்குனது இடது பக்கம், தொடை வரைக்கும் கல்லு மாதிரி. அதே ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல தூக்கிட்டு ஓடுனேன். டாப்ளர் ஸ்கேன் எடுத்தாங்க, தொடை நரம்புல ரத்தக்கட்டி. ரத்தத்துல பிளேட்லெட் 68,000. இந்த ரெண்டையும் ரெண்டு தனித்தனி வியாதியா பாத்தாங்க, தப்பு ஆரம்பிச்சது அங்கதான். ரத்தக்கட்டிக்கு ஒரு வைத்தியம், பிளேட்லெட்டுக்கு ஒரு வைத்தியம். மழைக்காலத்துல நம்ம ஊர்ல பிளேட்லெட் கம்மின்னா எல்லார் வாயிலயும் வர்ற முதல் வார்த்தை டெங்குதான், அதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது, எனக்கும் அதான் தோணுச்சு. டெங்கு டெஸ்ட் ரெண்டும் இல்லன்னு வந்துச்சு, அப்பவும் சந்தேகம் போகல. எதிர்வீட்டு அக்கா பப்பாளி இலைச் சாறு கொண்டாந்தாங்க, நிலவேம்பு கசாயம் கொண்டாந்தாங்க, பாவம் அவங்க பாசத்துல செஞ்சது. ஆனா அம்மாவுக்கு காய்ச்சலே இல்லையேன்னு யோசிக்க எனக்குத் தோணல.

ரத்தக்கட்டி மேல மேல வளராம இருக்கணும்னு அன்னைக்கு சாயங்காலம் மறுபடியும் ஹெப்பாரின். இந்த தடவை வயித்துல இல்ல, நேரா நரம்புல, ஒரே மூச்சுல 5000 யூனிட் போட்டுட்டு அப்புறம் டிரிப்பா ஓடவிட்டாங்க. இருபது நிமிஷம் கூட ஆகல, அம்மாவுக்கு தூக்கித் தூக்கிப் போடுற மாதிரி குளிர் நடுக்கம், மூச்சு வாங்குது, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ஏசியை நிறுத்துனாங்க, கம்பளி போத்துனாங்க, காய்ச்சலுக்கு ஊசி போட்டாங்க. யாரும் டிரிப்பை நிறுத்தல. மறுநாள் காலையில பிளேட்லெட் 31,000. ராத்திரியோட ராத்திரியா பாதிக்கு மேல போயிடுச்சு. ரத்தம் கசிஞ்சுடும், மூளைல கசிஞ்சா போச்சு, உடனே பிளேட்லெட் ஏத்தணும்னு சொன்னாங்க. நான் பிளட் பேங்க்குக்கும் வார்டுக்குமா ஓடி, தம்பியோட பழைய காலேஜ் ஃப்ரெண்ட்ஸ்க்கெல்லாம் போன் போட்டு, நாலு பை ஏற்பாடு பண்ணேன். நாலும் ஏத்துனாங்க. சாயங்காலம் பாத்தா 29,000. ஏத்துன பிளேட்லெட் எங்க போச்சுன்னு எனக்குப் புரியல, அங்க யாருக்கும் புரியல. அதுல ஒண்ணு மட்டும் நான் கவனிச்சேன், இவ்வளவு கம்மியா இருந்தும் அம்மா உடம்புல ஒரு சொட்டு ரத்தம் கசியல. ஈறுல இல்ல, மூக்குல இல்ல, ஊசி போட்ட இடத்துல கூட இல்ல. கால் மட்டும் இன்னும் வீங்கிட்டே போகுது, விரல் நுனி லேசா நீலம் பாய ஆரம்பிச்சுது.

அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு எழுதிக் குடுத்துட்டு ஆம்புலன்ஸ் எடுத்துக்கிட்டு புதுச்சேரிக்கு கிளம்பிட்டேன். இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா மழையில கன்னியக்கோயில் தாண்டி தவளக்குப்பம் வர்றதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு. அங்க ஒரு பெரிய ஆஸ்பத்திரில டியூட்டில இருந்த மேடம், வயசு சின்னவங்கதான், நான் கொண்டுபோன பேப்பரை எல்லாம் கட்டில் மேல வரிசையா பரப்பி வச்சாங்க. முதல் கேள்வியே, "அக்கா, ஹெப்பாரின் ஊசி என்னைக்கு ஆரம்பிச்சாங்க?" நாள் சொன்னேன். விரல் விட்டு எண்ணுனாங்க. அம்மா வயித்தைத் திறந்து அந்த கருத்த தடிப்பைப் பாத்தாங்க. உடனே ஓடிக்கிட்டிருந்த டிரிப்பை அவங்களே கையால மூடுனாங்க. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, ரத்தக்கட்டி இருக்கிறவங்களுக்கு அது வளராம தடுக்கற மருந்தை நிறுத்துறாங்களேன்னு.

அப்பதான் அந்தப் பேரைச் சொன்னாங்க, ஹெப்பாரின் இண்டியூஸ்ட் த்ராம்போசைட்டோபீனியா, சுருக்கமா ஹிட். எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க மேடம்னு கேட்டேன், பொறுமையா சொன்னாங்க. பிளேட்லெட்டுக்குள்ள பிஎஃப்4-னு ஒரு புரதம் இருக்கு. ஹெப்பாரின் உடம்புக்குள்ள போனா அந்தப் புரதத்தைப் போய்ப் பிடிச்சுக்கும், ரெண்டும் சேர்ந்ததும் அந்தப் புரதத்தோட உருவம் மாறிடும். சில பேருக்கு மட்டும் உடம்பு அந்த மாறுன உருவத்தைப் பாத்து, இது யாரோ வெளியாள்னு நினைச்சு எதிர்ப்பு அணுவைத் தயார் பண்ணும். தயார் பண்ண அஞ்சு நாள்லேருந்து பத்து நாள் ஆகும், அதனாலதான் முதல் ஊசில ஒண்ணும் தெரியாது. அந்த எதிர்ப்பு அணு ஹெப்பாரினையும் புரதத்தையும் பிடிச்சுக்கிட்டு பிளேட்லெட் மேலயே போய் ஒட்டி அதைத் தட்டி எழுப்பி விட்டுடும். எழும்புன பிளேட்லெட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ரத்தத்தை உறைய வைக்கும், அப்படியே இன்னும் பிஎஃப்4-ஐ வெளிய விடும், அதை மறுபடி ஹெப்பாரின் பிடிக்கும், சக்கரம் மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். இதுல ரத்தம் உறையறதைத் தடுக்கற ஹெப்பாரினோட வேலையெல்லாம் அடிபட்டுப் போயிடும்.

அப்போ ஏன் பிளேட்லெட் கம்மியா காட்டுதுன்னு கேட்டேன். நீங்க கடலூர்தானே, மாசி மகத்தன்னைக்கு உங்க தெருவுல நின்னு ஆள் எண்ணுனா எத்தனை பேர் இருப்பாங்கன்னு கேட்டாங்க. யாருமே இருக்க மாட்டாங்க மேடம், எல்லாரும் தேவனாம்பட்டினம் கடற்கரைல இருப்பாங்கன்னு சொன்னேன். அதேதான், கையில குத்தி எடுக்கற ரத்தம் உங்க தெரு, கட்டி இருக்கற கால் நரம்பு கடற்கரை, பிளேட்லெட் எல்லாம் அங்க போய் நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்குதுன்னாங்க. எனக்கு சட்டுனு விளங்கிடுச்சு. டெங்குல பிளேட்லெட் குறைஞ்சா ரத்தம் கசியுமோன்னு பயப்படுறோம். இதுல பிளேட்லெட் குறையுதுன்னா எங்கயோ ரத்தம் உறைஞ்சுக்கிட்டு இருக்குன்னு பயப்படணும். ரத்தம் கசியறது இதுல அபூர்வம். அதனால வெளிய கசியாம இருக்கும்போது, நம்பரை மட்டும் ஏத்தறதுக்காக பை பையா பிளேட்லெட் ஏத்தறது பிரயோஜனம் இல்ல, எரியற அடுப்புல விறகு வைக்கிற மாதிரி ஆயிடலாம்னு சொன்னாங்க. நான் ஊரெல்லாம் ஓடி வாங்கின நாலு பையும் எங்க போச்சுன்னு அப்பதான் தெரிஞ்சுது.

அவங்க ஒரு மார்க் போட்டாங்க, நாலு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மார்க் வரைக்கும். பிளேட்லெட் பாதிக்கு மேல குறைஞ்சிருக்கா, ஆமா, ரெண்டு. அஞ்சுலேருந்து பத்து நாளுக்குள்ள குறைய ஆரம்பிச்சுதா, ஆமா, ரெண்டு. புதுசா ரத்தக்கட்டி வந்திருக்கா, ஆமா, ரெண்டு. வேற காரணம் எதாவது இருக்கலாமா, ஆபரேஷன் ஆன உடம்பு, கிருமித் தொற்று இருக்க வாய்ப்புண்டு, அதனால ஒண்ணு. எட்டுக்கு ஏழு. ஆறும் அதுக்கு மேலயும்னா வாய்ப்பு ரொம்ப அதிகம், மூணும் அதுக்குக் கீழயும்னா அநேகமா இது இல்லன்னு ஒதுக்கிடலாமாம். எதிர்ப்பு அணு இருக்கான்னு பாக்க ரத்தம் சென்னைக்குப் போச்சு, ரிசல்ட் வர மூணு நாள் ஆச்சு, பாசிட்டிவ், அதுவும் நல்லா தூக்கலா. ஆனா அவங்க அந்த மூணு நாள் காத்துக்கிட்டு இருக்கல, அன்னைக்கு ராத்திரியே ஹெப்பாரினை நிறுத்தி வேற மருந்தை ஆரம்பிச்சுட்டாங்க. அந்த டெஸ்ட்டும் சில சமயம் வியாதி இல்லாதவங்களுக்கே லேசா பாசிட்டிவ் காட்டுமாம், அதனால மார்க்கையும் ரிசல்ட்டையும் சேர்த்துத்தான் பாக்கணும்.

ஹெப்பாரினை நிறுத்துனா மட்டும் போதாது, இதைப் பெரிய எழுத்துல எழுதி வச்சுக்கோங்க. நிறுத்துன பிறகும் எதிர்ப்பு அணு ரத்தத்துல இருக்கும், புதுசு புதுசா கட்டி வந்துக்கிட்டே இருக்கும், அதனால வேற வகையான ரத்த உறைவுத் தடுப்பு மருந்து கண்டிப்பா வேணும். எனாக்ஸாபாரினுக்கு மாத்தறதும் ஆகாது, அதுவும் ஹெப்பாரின் குடும்பம்தான், எதிர்ப்பு அணு அதையும் அடையாளம் கண்டுக்கும். அம்மாவுக்கு அர்காட்ரோபான்னு ஒரு மருந்து டிரிப்பா போட்டாங்க, அது கல்லீரல் வழியா கழியறது, கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கு தோதானது. கூடவே பழைய ஆஸ்பத்திரில அன்னைக்கு சாயங்காலம் ஒரு அசிட்ரோம் மாத்திரை குடுத்திருந்தாங்க, அதைக் கேட்டதும் மேடம் முகம் மாறிடுச்சு, உடனே வைட்டமின் கே ஊசி போட்டு அதை முறிச்சாங்க. அசிட்ரோம், வார்ஃபரின் ரெண்டும் ஒரே ஜாதி, ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற மாத்திரைங்க. ரத்தம் உறையாம பாத்துக்கற இயற்கையான புரதம் ஒண்ணு நம்ம உடம்புல இருக்கு, இந்த மாத்திரை முதல்ல குறைக்கறது அதைத்தான். ஹிட் கொதிச்சுக்கிட்டு இருக்கும்போது இதைக் குடுத்தா கால் விரல் அழுகிப்போற அளவுக்குப் போகலாம். பிளேட்லெட் பழையபடி 1,50,000 தாண்டற வரைக்கும் அந்த மாத்திரை கூடாது.

அடுத்தது யாரும் சொல்லாம நானே பாத்துக் கத்துக்கிட்டது. புதுச்சேரி வந்த ரெண்டாவது நாள் காலையில வார்டுல ஒரு சிஸ்டர், கையில ஊசி வழி அடைச்சுக்காம இருக்க ஒரு சின்ன சிரிஞ்ச் கொண்டு வந்தாங்க. அது என்னன்னு கேட்டேன், சும்மா ஃப்ளஷ்மான்னாங்க. எதுல ஃப்ளஷ்னு மறுபடி கேட்டேன். ஹெப்பாரின் கலந்த சலைன். நான் கத்துன கத்துல பக்கத்து கட்டில்காரங்க எழுந்துட்டாங்க. அந்த சிஸ்டர் மேல தப்பில்ல, எல்லாருக்கும் போடறதைத்தான் எடுத்து வந்தாங்க, ஆனா இந்த வியாதிக்கு அந்தத் துளியே போதும். மேடம் வந்து கேஸ் ஷீட் மேல சிவப்பு இங்க்ல எழுதுனாங்க, நான் ஒரு அட்டையில "ஹெப்பாரின் கூடாது, ஃப்ளஷ் கூட கூடாது"ன்னு எழுதி கட்டில் தலைமாட்டுல கட்டித் தொங்கவிட்டேன். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் புதுசா வர்றவங்ககிட்ட நானே வாயால சொன்னேன். வெறும் சலைன்ல ஃப்ளஷ் பண்ணாலே போதும்.

மூணாவது நாள்லேருந்து பிளேட்லெட் ஏற ஆரம்பிச்சுது, 44,000, அப்புறம் 79,000, அஞ்சாவது நாள் 1,18,000, எட்டாவது நாள் 1,72,000. ஒரு பை கூட ஏத்தாம. கிரியேட்டினினும் இறங்கிடுச்சு. அதுக்கப்புறம் ரிவராக்ஸபான் மாத்திரைக்கு மாத்தி விட்டாங்க, மூணு மாசம். இதை சாப்பாட்டோட சேத்துத்தான் போடணும், வெறும் வயித்துல போட்டா மருந்து உடம்புல சரியா சேராது, இதை மெடிக்கல் ஷாப்ல யாரும் சொல்லல. காசு கணக்கு சொல்லணும்னா, இன்சூரன்ஸ் முதல் ஆபரேஷனோட தீந்துபோச்சு. கடலூர்ல ரெண்டாவது தடவை சேர்த்ததுக்கு பிளேட்லெட்டோட சேர்த்து 71,000, புதுச்சேரில 12 நாளுக்கு 2,85,000, அதுல பெரும்பங்கு அந்த டிரிப் மருந்துக்கே போச்சு. என் வளையல் நாலும் இன்னும் அடகுலதான் இருக்கு. வேலைக்கு 34 நாள் போகல, சம்பளம் புடிச்சுட்டாங்க.

இதைப் படிச்சுட்டு ஹெப்பாரினே வேணாம்னு யாரும் சொல்லிடாதீங்க, அது அதைவிடப் பெரிய ஆபத்து. ஆபரேஷனுக்கு அப்புறம் பழைய ஹெப்பாரின் போடறவங்கள்ல நூத்துக்கு ஒண்ணுலேருந்து அஞ்சு பேருக்குத்தான் இது வரும்னு மேடம் சொன்னாங்க, எனாக்ஸாபாரின்ல இன்னும் ரொம்பக் கம்மி. ஊசி நிறுத்தி வீட்டுக்கு வந்த பிறகும் மூணு வாரம் வரைக்கும் இது தலைகாட்டலாம், எங்களுக்கு அப்படித்தானே ஆச்சு. அதனால டிஸ்சார்ஜ் ஆகி வந்தவங்களுக்கு கால் வீங்குனாலோ, மூச்சு வாங்குனாலோ, ஊசி போட்ட இடம் கருத்தாலோ, போற இடத்துல முதல் வார்த்தையா "இன்ன தேதிலேருந்து இன்ன தேதி வரைக்கும் ஹெப்பாரின் போட்டாங்க"ன்னு சொல்லுங்க. டிஸ்சார்ஜ் சம்மரில அது எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க, எங்களுதுல மருந்து லிஸ்ட்ல அந்த வரியே இல்ல, நான் பில்லைப் பாத்துத்தான் தேதி சொன்னேன்.

எதிர்ப்பு அணு ஒரு மூணு மாசத்துல ரத்தத்துலேருந்து மறைஞ்சுடுமாம், அதுக்குள்ள மறுபடி ஹெப்பாரின் பட்டா அஞ்சு நாளெல்லாம் காத்திருக்காது, அன்னைக்கே பிளேட்லெட் விழும். அம்மாவுக்கு அந்த குளிர் நடுக்கம் வந்ததும் அந்தக் கணக்குதான், எதிர்ப்பு அணு ஏற்கனவே தயாரா காத்துக்கிட்டு இருந்துச்சு. மறைஞ்சதுக்கு அப்புறமும் டாக்டர்ங்க தவிர்க்கத்தான் பாப்பாங்க, ஆஞ்சியோ, டயாலிசிஸ், இதய ஆபரேஷன் எதுன்னாலும் முன்கூட்டியே சொல்லணும். மேடம் எழுதிக் குடுத்த சீட்டை லேமினேட் பண்ணி அம்மா சுருக்குப் பையில ஒண்ணு, என் பர்ஸ்ல ஒண்ணு வச்சிருக்கோம்.

மூணு மாசம் கழிச்சு டாப்ளர்ல கட்டி முக்காவாசி கரைஞ்சிருந்துச்சு. சாயங்காலம் ஆனா இடது கால் இன்னும் கொஞ்சம் கனக்கும், இறுக்கமான சாக்ஸ் போட்டுக்கிறாங்க. போன மாசம் கண் புரை ஆபரேஷனுக்குப் போயிருந்தோம். சிஸ்டர் கையில ஊசி குத்தி டேப் ஒட்டுனாங்க, சிரிஞ்சை எடுத்தாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அம்மா இன்னொரு கையால அந்த இடத்தைப் பொத்திக்கிட்டு கேட்டாங்க, "அதுல ஹெப்பாரின் இல்லியேம்மா?" சிஸ்டர் பாட்டிலைத் திருப்பி லேபிளை அம்மாவுக்குக் காட்டுனாங்க. வெறும் சலைன். அப்புறம்தான் அம்மா கையை எடுத்தாங்க.